நாலாம் பந்திக்குச் சோறு இருந்தது, கறி இல்லை: ஐந்நூறு பேருக்கு விருந்து வைக்கும் கணக்கு

சில வருடங்களுக்கு முன்னர் உறவினர் ஒருவரின் கலியாணத்தில் நாலாம் பந்தியில் இருந்தேன். இலை போட்டார்கள், தண்ணீர் தெளித்தார்கள், சோறு வந்தது, பருப்பு வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. பரிமாறிய பெடியன் வெறும் வாளியை இரண்டு முறை அகப்பையால் சுரண்டிப் பார்த்துவிட்டு, யாருடைய முகத்தையும் பாராமல் உள்ளே போனான். என்னோடு அந்தப் பந்தியில் இருந்தவர்களில் பாதிப்பேர் மாப்பிள்ளை பகுதிக்காரர். படம் எடுத்து முடிந்து, ஆறுதலாகச் சாப்பிடலாம் என்று வந்தவர்கள். யாரும் எதுவும் சொல்லவில்லை. ஆனால், அந்தப் பந்தியைப் பற்றிய கதை அந்தக் குடும்பத்தில் இன்றைக்கும் முடியவில்லை.

அன்றைக்கு வந்த ஆட்கள் எதிர்பார்த்ததைவிடக் கூட என்றுதான் எல்லோரும் நினைத்தோம். பிறகு இலையை எண்ணிப் பார்த்தபோது எதிர்பார்த்ததைவிடப் பதினைந்து பேர்தான் கூட. கறி முடிந்ததற்குக் காரணம் வேறு. முதல் இரண்டு பந்திக்கும் அள்ளி அள்ளிப் போட்டிருக்கிறார்கள். அந்த இலைகளில் மிஞ்சிக் குப்பைக்குப் போன கத்தரிக்காயும் பூசணிக்காயும் நாலாம் பந்திக்குத் தாராளமாகக் கண்டிருக்கும்.

கடந்த வருடம் என் பெரியம்மாவின் மகளுக்குக் கிளிநொச்சியில் கலியாணம் நடந்தது. பெரியப்பா இல்லை. பெரியம்மாதான் தனியாக எல்லாவற்றையும் பார்க்க வேண்டியிருந்தது. கொஞ்சம் சேமிப்பு, வங்கியில் அடகு வைத்த நகை, வெளிநாட்டில் இருக்கும் மாமா அனுப்பிய காசு ஆகிய மூன்றையும் வைத்துத்தான் கலியாணம். சாப்பாட்டுப் பொறுப்பை என்னிடம் தந்தார். எனக்குச் சமையல் தெரியாது. ஆனால், கிடாரம் வைத்துச் சமைத்து முப்பது வருட அனுபவமுள்ள ஒருவரைப் பிடித்தோம். அவரிடம் அந்த ஒரு மாதத்தில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். அவரை எல்லோரும் சமையல் அண்ணை என்றுதான் கூப்பிடுவார்கள்.

தலைக்கணக்கு

அவர் எங்களிடம் கேட்ட முதல் கேள்வி எத்தனை பேர் என்பதல்ல. "எத்தனை காட் அடிச்சனீங்கள், அதில எத்தனை வீடு குடும்பமா வரும், எத்தனை வீட்டில ஒராள்தான் வரும்?" என்று கேட்டார்.

முன்னர் ஊரோடு இருந்த காலத்தில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது சுலபம். எந்த வீட்டில் எத்தனை பேர், யார் யாரோடு கோபம், யார் கட்டாயம் வருவார் என்பது எல்லோருக்கும் தெரியும். இப்போது பெரியம்மாவின் ஊர்ச்சனம் முல்லைத்தீவுப் பக்கம் கொஞ்சம், வவுனியாவில் கொஞ்சம், யாழ்ப்பாணத்தில் கொஞ்சம், மீதி வெளிநாட்டில். காட் கொடுத்த வீட்டில் இப்போது யார் இருக்கிறார்கள் என்பதே சில இடங்களில் எங்களுக்குத் தெரியாது. இந்த நிலையில் மொத்தமாக ஒரு எண்ணை ஊகித்தால் அது நூறு பேர்வரை பிழைக்கும்.

ஆகவே, காட் கொடுத்த 220 வீடுகளின் பட்டியலை மூன்றாகப் பிரித்தோம். முதலாவது, கட்டாயம் குடும்பத்தோடு வரும் நெருங்கிய சொந்தம்: 40 வீடு. வீட்டுக்கு ஐந்து பேர் என்று வைத்தால் 200 பேர். இரண்டாவது, ஊரவர்களும் அயலவர்களும்: 110 வீடு. இவர்களில் சில வீட்டில் நாலு பேர் வருவார்கள், சில வீட்டில் ஒருவர் வந்து அன்பளிப்பைக் கொடுத்துவிட்டுப் போவார். சராசரியாக வீட்டுக்கு இரண்டு பேர் என்று 220. மூன்றாவது, மணமகளோடு படிப்பிக்கும் ஆசிரியர்கள், தெரிந்தவர்கள், தூரத்துச் சொந்தம்: 70 காட். இவர்களில் பாதிப்பேர் வருவார்கள், அநேகமாகத் தனியாகவோ சோடியாகவோ வருவார்கள். ஆகவே 50 பேர்.

இதோடு கணக்கு முடியவில்லை. காட் கொடுக்காமலே சாப்பிடுகிறவர்கள் ஒவ்வொரு கலியாணத்திலும் இருக்கிறார்கள். ஐயரும் உதவிக்கு வருபவரும், நாதஸ்வர தவில் கோஷ்டி, வீடியோக்காரர், பஸ் சாரதிகள், மண்டபத்து ஆட்கள், சமையலுக்கும் பரிமாறவும் வந்தவர்கள். எங்களுக்கு அது 30 பேர். இவர்களைக் கணக்கில் எடுக்காமல் விடுவதுதான் பலர் செய்யும் பிழை என்று அண்ணை சொன்னார். கடைசிப் பந்தியில் குறைந்துபோகும் சாப்பாடு பெரும்பாலும் இவர்களுடைய சாப்பாடு. எல்லாம் சேர்த்து 500.

இப்படிப் பிரிப்பதில் ஒரு பயன் இருக்கிறது. முதலாவது கட்டில் பிழை வந்தாலும் பத்துப் பேர்தான் கூடிக் குறையும். இரண்டாவது கட்டில்தான் ஆபத்து. வீட்டுக்கு இரண்டு பேர் என்று போட்ட இடத்தில் மூன்று பேர் வந்தால் 110 பேர் கூடிவிடுவார்கள். ஆகவே கடைசி வாரத்தில் தொலைபேசி எடுத்து விசாரிக்க நேரமும் காசும் குறைவாக இருந்தால் அந்தக் கட்டுக்கு மட்டும் எடுத்தால் போதும். நாங்கள் ஊருக்கு ஒருவர் என்று நாலு பேரைப் பிடித்து, "உங்கட பக்கத்தால எத்தினை பேர் வருவினம்?" என்று கேட்டோம். முல்லைத்தீவுப் பக்கத்துக்கு ஒரு பஸ் ஒழுங்கு செய்தோம். பஸ் விட்டால் ஒரு வசதி, ஆசனங்களின் எண்ணிக்கையே அந்த ஊரின் தலைக்கணக்கு ஆகிவிடும்.

பந்தியா, பஃபேயா?

வெளிநாட்டு மாமா பஃபே வைக்கச் சொன்னார். அதுதான் இப்போது மரியாதை என்றார். பஃபேயில் பரிமாற ஆட்கள் குறைவு, எட்டுக் கறிகள் உள்ள ஒரு மேசையின் ஒரு பக்கத்தால் நிமிடத்துக்கு மூன்று, நாலு பேர் எடுத்துக்கொண்டு போகலாம், இரண்டு பக்கத்தாலும் விட்டால் அதன் இரண்டு மடங்கு. ஆனால், தாங்களே போட்டுக்கொள்ளும்போது ஆட்கள் முதலில் இருக்கும் இரண்டு கறியையும் சோற்றையும் கூடப் போடுவார்கள். கறி கூடச் செலவாகும், கோப்பையில் மிச்சமும் விழும்.

கணக்கு எப்படியிருந்தாலும் இந்த விடயத்தை முடிவு செய்தவர் பெரியம்மாவின் தாயார், எங்கள் அம்மம்மா. "தட்டேந்தி லைனில நிண்டது காணும் பிள்ளை. செட்டிக்குளத்தில நிண்டது இந்தச் சீவியத்துக்குக் காணும். கலியாண வீட்டில நான் இருந்துதான் சாப்பிடுவன்" என்றார். 2009இல் மெனிக் பாமில் இருந்தவர் அவர். அதற்குமேல் யாரும் கதைக்கவில்லை. வன்னியில் கலியாணம் வைக்கிறவர்கள் வயது வந்தவர்களிடம் ஒரு தரம் இதைக் கேட்டுப் பார்ப்பது நல்லது. பஃபேதான் என்று முடிவு செய்தாலும் முதியவர்களுக்கு ஒரு வரிசை மேசையை ஒதுக்கி, கொண்டுபோய்ப் பரிமாறலாம்.

பந்தி என்று முடிவானதும் ஐந்நூறு என்ற எண்ணின் பொருள் மாறிவிட்டது. மண்டபத்தின் சாப்பாட்டு அறையில் ஒரு தடவைக்கு 120 பேர் இருக்கலாம். நாலு வரிசை, வரிசைக்கு முப்பது கதிரை. அப்படியென்றால் ஐந்து பந்தி. ஒரு பந்திக்கு எவ்வளவு நேரம்? வந்து இருக்க ஐந்து நிமிடம், சாப்பிட இருபத்தைந்து நிமிடம், கை கழுவி வெளியேற ஐந்து நிமிடம், இலை எடுத்து மேசை துடைத்துப் புது இலை போட ஐந்து நிமிடம். நாற்பது நிமிடம். ஐந்து பந்திக்கு மூன்று மணித்தியாலமும் இருபது நிமிடமும். 11.15க்கு முதல் பந்தி தொடங்கினால் 2.35க்குக் கடைசிப் பந்தி முடியும்.

இது தாளில் சரியாகத்தான் தெரியும். மண்டபத்தில் சிக்கல் என்னவென்றால் ஐந்நூறு பேரும் ஐந்து கூறாக வருவதில்லை. தாலி கட்டி, அறுகரிசி போட்டு, அன்பளிப்பைக் கொடுத்த கையோடு முந்நூறு பேர் ஒரே நேரத்தில் சாப்பாட்டு அறை வாசலுக்கு வருவார்கள். 120 பேர் இருப்பார்கள், மற்றவர்கள் சாப்பிடுகிறவர்களின் கதிரைக்குப் பின்னால் வந்து நிற்பார்கள். சாப்பிடுகிறவருக்கும் நெருக்கம், நிற்கிறவருக்கும் வெட்கம். பரிமாறுகிறவர் வாளியோடு போக வழி இருக்காது. பந்தி நாற்பது நிமிடத்திலிருந்து ஐம்பது நிமிடமாக நீள்வது அங்கேதான்.

இதற்கு நாங்கள் இரண்டு வேலை செய்தோம். சாப்பாட்டு அறைக்கு இரண்டு கதவுகள் இருந்தன. ஒன்றை உள்ளே வர மட்டும் வைத்தோம், கை கழுவும் இடத்துப் பக்கம் உள்ள மற்றதை வெளியே போக மட்டும். உள் கதவில் அதட்டாமல் கதைக்கத் தெரிந்த ஒரு மாமாவை நிறுத்தினோம். 120 பேர் போனதும் அவர் கதவைச் சாத்திவிடுவார். வெளியே நிற்பவர்களுக்கு மண்டபத்திலேயே சர்பத்தும் பலகாரமும் போய்க்கொண்டிருந்தது. இரண்டாவது, யார் முதல் பந்தி என்பதை முன்னரே முடிவு செய்தோம். முல்லைத்தீவு பஸ் ஆட்கள், முதியவர்கள், கைக்குழந்தையோடு வந்தவர்கள், சீனி வருத்தக்காரர் முதலில். மாப்பிள்ளை பகுதிக்கு மூன்றாம் பந்தியில் இரண்டு வரிசையை ஒதுக்கி வைத்தோம். கடைசிப் பந்திக்கு அவர்களை விடக்கூடாது என்பதை நான் பட்டறிந்திருந்தேன்.

இன்னுமொன்று. எங்கள் சனத்தில் கால் இழந்தவர்களும் கை இழந்தவர்களும் இல்லாத பந்தி இல்லை. முப்பது கதிரை நெருக்கமாகப் போட்ட வரிசையின் நடுவில் செயற்கைக் காலோடு ஒருவர் போய் இருப்பதும் எழும்புவதும் கஷ்டம். ஒவ்வொரு வரிசையின் வாசல்பக்கக் கடைசியிலும் இரண்டு கதிரையை இடம்விட்டுப் போட்டோம், சக்கர நாற்காலி வந்தால் ஒரு கதிரையை எடுத்தால் போதும். ஒரு சிறிய தட்டத்தில் கரண்டிகளை வைத்து, கேட்காமலே பக்கத்தில் வைக்கும்படி பரிமாறுகிறவர்களிடம் சொன்னோம். கலியாண வீட்டில் வலது கையில்லாத ஒருவர் கரண்டி கேட்க வேண்டிய நிலை வரக்கூடாது.

கறி கூடினால் பந்தி நீளும்

"குறையில்லாமல் செய்யுங்கோ" என்று வெளிநாட்டிலிருந்து சொல்வது பதினாலு கறி என்ற அர்த்தத்தில். அண்ணை ஒன்பதுக்கு மேல் போக விடவில்லை. காசைவிட நேரம்தான் அவருடைய காரணம். ஒரு கறி என்றால் ஒரு வாளி, ஒரு ஆள், முப்பது இலையையும் ஒரு தரம் சுற்றி வருவது. பிறகு இரண்டாம் தரம் கேட்டு வருவது. எங்களுக்கு இரண்டு வரிசைக்கு ஆறு பேர் என்று பன்னிரண்டு பேர் பரிமாறினார்கள், நாலு பேர் இலை எடுத்து மேசை துடைத்தார்கள். அந்தப் பன்னிரண்டு பேரால் பதினாலு கறியை நடத்த முடியாது. முதல் கறி ஆறிப்போன பிறகுதான் கடைசிக் கறி இலைக்கு வரும்.

ஒரு காலத்தில் இந்தப் பன்னிரண்டு பேருக்கும் காசு இல்லை. ஊர்ப் பெடியள் சாரத்தை மடித்துக்கட்டிக்கொண்டு இறங்கிவிடுவார்கள். இப்போது அந்தப் பெடியள் பாரிஸிலும் ரொறன்ரோவிலும் இருக்கிறார்கள். பரிமாறக் கூலிக்கு ஆள் பிடிக்க வேண்டும். கூலிக்கு வருகிறவருக்கு யார் வீட்டுக்கு எவ்வளவு போட வேண்டும் என்று தெரியாது, ஆகவே பழக்க வேண்டும். முதல் பந்திக்கு அரை மணித்தியாலம் முன்னர் அண்ணை அவர்களை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொருவர் கையிலும் அகப்பையைக் கொடுத்து ஒரு இலையில் போட்டுக் காட்டினார். "ஒருக்கா அரை அகப்பை. திருப்பிக் கேட்டால் திருப்பிப் போடு. கேக்காமல் போடாதே." அந்த ஒரு கட்டளைதான் நான் முன்பு கண்ட நாலாம் பந்தியைத் தவிர்த்தது.

கறிகளை அவர் இரண்டு வகையாகப் பார்த்தார். எண்ணிக் கொடுப்பவை: வடை, அப்பளம், மோர்மிளகாய், வாழைப்பழம். இவை குறைந்தால் உடனே தெரியும், கூட்டிச் செய்வதும் சுலபம். வடை 550, அப்பளம் உடைவதையும் சேர்த்து 600. அள்ளிக் கொடுப்பவை: சோறு, பருப்பு, சாம்பார், கத்தரிக்காய், பூசணிக்காய்ப் பால்கறி, உருளைக்கிழங்குப் பிரட்டல். இவை குறைவது கடைசிவரை தெரியாது. ஆகவே, கறி இறக்கியதும் அதைப் பந்திக் கணக்கில் பிரித்து மூடி வைத்தார். முதல் பந்தியின் கறி முடிந்தால் இரண்டாம் பந்தியின் பாத்திரத்தைத் திறக்கக்கூடாது. அதற்குக் காவலாகப் பெரியம்மாவின் தங்கச்சியை அடுப்படியில் இருத்தினார்.

அளவுகளைச் சொல்கிறேன். அரிசி கிலோவுக்கு ஏழு பேர், ஆகவே 500 பேருக்கு ஏறத்தாழ 70 கிலோ. பருப்பு கிலோவுக்கு இருபத்தெட்டுப் பேர் என்று 18 கிலோ. ஒவ்வொரு மரக்கறியும் வெட்டித் துப்புரவாக்கிய பிறகு தலைக்கு 60 கிராம், அதாவது 30 கிலோ. இந்த "வெட்டிய பிறகு" என்ற சொல் முக்கியம். பூசணிக்காயில் தோலும் விதையும் போய்க் கால்வாசி குறையும், வாழைக்காயில் அதைவிடக் கூடக் குறையும், கத்தரிக்காயில் காம்பு மட்டும்தான். சந்தையில் எல்லாவற்றையும் முப்பது முப்பது கிலோவாக வாங்கினால் பூசணிக்காய் 22 கிலோதான் கிடாரத்துக்குப் போகும். தேங்காய் எட்டுப் பேருக்கு ஒன்று. பாயாசம் தலைக்கு ஒரு சிறு கப், 50 லீற்றர். வன்னியில் தோட்ட வேலை செய்கிறவர்கள் அதிகம் வரும் கலியாணம் என்றால் அரிசியைக் கிலோவுக்கு ஆறு பேர் என்று போட வேண்டும் என்றார் அண்ணை. உத்தியோகத்தர்கள் அதிகம் என்றால் எட்டுப் பேர் காணும்.

மேலதிகம் சாக்கில் இருக்கட்டும்

வழக்கமாக எல்லோரும் செய்வது, பயத்தில் பத்து வீதம் கூட்டிச் சமைப்பது. அண்ணை அதைச் செய்யவில்லை. "கூட வேணும்தான், தம்பி. ஆனா அது கிடாரத்தில இருக்கக்கூடாது, சாக்கில இருக்கவேணும்" என்றார். சமைத்தது மிஞ்சினால் குப்பை. சமைக்காதது மிஞ்சினால் அரிசி.

70 கிலோவில் 50 கிலோவைத்தான் காலையில் இரண்டு கிடாரத்தில் வடித்தார். அது மூன்று பந்திக்குக் காணும். மீதி 20 கிலோவை எடுத்து வைத்து, அடுப்பில் தண்ணீரை மட்டும் சூடாக வைத்திருந்தார். உலை கொதித்து, அரிசி வெந்து, வடித்து எடுக்க முக்கால் மணித்தியாலமாவது வேண்டும். நாலாம் பந்தி 1.15க்கு. ஆகவே 12.15க்குள் எவ்வளவு போடுவது என்று முடிவெடுக்க வேண்டும். பிந்தினால் நாலாம் பந்தி இலைக்கு முன்னால் காத்திருக்கும்.

அந்த முடிவுக்குத் தலையை எண்ணத் தேவையில்லை, இலையை எண்ணினால் போதும். வாழையிலையை நூறு நூறாகக் கட்டி வைத்திருந்தோம். 12.10க்கு, இரண்டாம் பந்தி நடந்துகொண்டிருந்தபோது போன இலை 240. மண்டபத்திலும் வாசலிலும் காத்திருந்தவர்கள் 108. மொத்தம் 348. முல்லைத்தீவு பஸ் பாதிக்குமேல் வெறுமையாக வந்திருந்தது. அன்றைக்கு அந்த ஊரில் ஒரு செத்தவீடு. நாங்கள் பயந்த இரண்டாவது கட்டில் 220 பேருக்குப் பதிலாக 160 பேர்வரைதான் வந்திருந்தார்கள்.

அப்படியென்றால் நிறுத்திவிடலாமா என்று கேட்டேன். மணமகள் ஆசிரியை என்பதை நான் மறந்துவிட்டேன், அண்ணை மறக்கவில்லை. பள்ளிக்கூடம் விடுவது 1.30க்கு. அன்று வேலை நாள். மூன்றாவது கட்டில் இருந்த ஐம்பது பேரும் இரண்டு மணிக்குத்தான் வருவார்கள். அவர்களும் காட் இல்லாத முப்பது பேரும் என்றால் 80. ஏழால் பிரித்தால் கிட்டத்தட்ட 12 கிலோ. அதைத்தான் உலையில் போட்டார். கறியில் உருளைக்கிழங்கு மட்டும் இரண்டாம் தரம் சமைத்தார். அதற்கும் மேலே யாராவது வந்தால் என்ன செய்வது என்பதற்கும் அவரிடம் ஒரு ஏற்பாடு இருந்தது. நாலு கிலோ மைசூர்ப் பருப்பும் ஒரு பெட்டி அப்பளமும். மைசூர்ப் பருப்பு இருபது நிமிடத்தில் அவியும், அப்பளத்துக்கு எண்ணெய் சூடாகும் நேரம்தான் வேண்டும்.

இரண்டாம் தரம் சமைப்பதில் காசைத் தவிர இன்னொரு காரணமும் உண்டு. விடிய நாலு மணிக்குச் சமைத்த தேங்காய்ப்பால் கறி இரண்டு மணிக்கு ஆசிரியர்களின் இலைக்குப் போகக்கூடாது. சமைத்த உணவு ஆவி பறக்கும் சூட்டில் இல்லாமல் இளஞ்சூட்டில் நாலு மணித்தியாலத்துக்குமேல் இருந்தால் அதை நம்ப முடியாது. சோறும் அப்படித்தான். இளஞ்சூட்டில் நீண்ட நேரம் கிடந்த சோற்றில் வளரும் கிருமியின் நஞ்சு திருப்பிச் சூடாக்கினாலும் போகாது. ஆகவே அண்ணை பால்கறியைக் கடைசியில்தான் வைத்தார். பூசணிக்காயை அவித்து வைத்துவிட்டு, முதற்பாலைத் தாலிகட்டுக்குக் கொஞ்சம் முன்னர் விட்டார். கறி பழுதாகத் தொடங்கினால் விளிம்பில் சிறு நுரை தெரியும், அகப்பையால் தூக்கினால் நூல் விடும், புளித்த மணம் பிறகுதான் வரும். மணம் வரும்வரை காத்திருக்கக்கூடாது. சூடான கறியை இறுக்கி மூடினால் மூடியில் தண்ணீர் வேர்த்து உள்ளே விழும், அதுவும் பழுதாக்கும். பந்திக்காகப் பிரித்து வைத்த பாத்திரங்களை அவர் மெல்லிய வெள்ளைத் துணியால்தான் மூடினார். நாலாம், ஐந்தாம் பந்திக்கு உரியவற்றைத் தணல் அடுப்பின் மேலேயே வைத்திருந்தார்.

கேட்டரிங்காரரிடம் முழுவதையும் கொடுப்பவர்களுக்கும் இந்தக் கணக்கு உதவும். அவர்கள் தலைக்கு இவ்வளவு என்று விலை சொல்லி, குறைந்தது இத்தனை பேருக்குக் காசு தர வேண்டும் என்று ஒரு எண்ணைக் கேட்பார்கள். எதிர்பார்க்கும் தொகையை அந்த எண்ணாகக் கொடுக்கக்கூடாது. நாங்கள் கேட்டரிங் பிடித்திருந்தால் 500 அல்ல, 420 என்று சொல்லி, அதற்குமேல் எண்பது பேர்வரை தருவதற்கு ஆயத்தமாக இருக்கச் சொல்லியிருப்போம். எண்ணுவது யார், எதை வைத்து எண்ணுவது என்பதையும் முன்னரே எழுதிக்கொள்ள வேண்டும். நான் முதலில் சொன்ன கலியாணத்தில் கேட்டரிங்காரர் கோப்பைக் கணக்கு என்றும் வீட்டுக்காரர் இலைக் கணக்கு என்றும் பின்னேரம் ஆறு மணிவரை நின்று தர்க்கப்பட்டார்கள். இலைக் கட்டு வீட்டுக்காரரின் கையில் இருந்தால் அந்தத் தர்க்கம் வராது.

எங்கள் கலியாணத்தில் கடைசியாகப் போன இலை 431. ஐந்தாம் பந்தி 2.50க்கு முடிந்தது. பதினைந்து நிமிடம் பிந்தியதற்குக் காரணம் கை கழுவும் இடம். ஆறு பைப்பில் இரண்டுக்குத் தண்ணீர் வரவில்லை. அதை முதல் நாளே திறந்து பார்த்திருக்க வேண்டும், நான் பார்க்கவில்லை. கறிகளில் கத்தரிக்காய் மட்டும் கொஞ்சம் மிஞ்சியது, பயற்றங்காய் நாலாம் பந்தியோடு முடிந்துவிட்டது. ஐந்தாம் பந்தியில் அதற்குப் பதிலாக இரண்டாவது வடை போனது, ஆசிரியர்கள் யாரும் கவனித்த மாதிரித் தெரியவில்லை.

சாமான் வாங்கிய கடைக்காரரிடம், கட்டு அவிழ்க்காததைத் திருப்பி எடுக்க வேண்டும் என்று பெரியம்மா முதலிலேயே பேசி வைத்திருந்தார். அடுத்த நாள் காலை ஒரு ஐந்து கிலோ அரிசிப் பையையும் உடைக்காத அப்பளப் பெட்டியையும் முச்சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்தேன். அவிழ்த்த பையில் இருந்த மூன்று கிலோ அரிசியையும் நாலு கிலோ பருப்பையும் பெரியம்மா வீட்டுக்கு எடுத்தார்.